கடன் நோட்டும் நாள் நோட்டும்தான் இருக்கின்றன, இறுதிக் கணக்கு எப்படிப் போடுவது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். 2019 ஜனவரியில் ஆரம்பித்தது. தினமும் வந்தது, போனது எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன், கடன் வாங்குபவர்களுக்குத் தனி நோட்டு. அவ்வளவுதான். இப்போது கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டால், வங்கியில் 2024க்கு இலாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் கேட்கிறார்கள். நான் போட்ட முதல் எவ்வளவு என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? நோட்டுப் பக்கங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: 2024ஐக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2023 டிசம்பர் 31 இரவு கடைக் கதவை இறக்கிப் பூட்டிய நேரத்துக்குப் போங்கள். அந்த நேரத்தில் கடைக்குச் சொந்தமாக என்னென்ன இருந்தன, கடை யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் தொடக்க முதல். இந்தத் தாளுக்கு நிலை அறிக்கை என்று பெயர். 2019இல் கையிலிருந்து எவ்வளவு போட்டீர்கள் என்பது இதற்குத் தேவையில்லை. அந்தப் பணம் ஐந்து வருடத்தில் கூடியோ குறைந்தோ வேறு எண்ணாகிவிட்டது.

இதில் எளிதானது வங்கி இருப்பு. அறிக்கையில் 14,300 வெள்ளி என்று இருக்கிறது. நாள் நோட்டின் கடைசி வரியில் கல்லாவில் 1,200. இந்த இரண்டிலும் வேலையில்லை. மற்றதையெல்லாம் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

சரக்கிருப்பை நீங்கள் டிசம்பர் 31 அன்று எண்ணவில்லை. ஆனால் பொங்கல் முடிந்த மறுநாள், ஜனவரி 16 காலையில், எண்ணி எழுதிய பக்கம் இருக்கிறது. வாங்கிய விலையில் 19,600 வெள்ளி. அதை வைத்துப் பின்னோக்கி நடக்கலாம். ஜனவரி 1 முதல் 15 வரை கடைக்கு வந்த சரக்கு 8,100. அதே நாட்களில் விற்றது 11,000. உங்கள் விலைச் சீட்டுகளையும் மொத்த வியாபாரியின் பில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 100 வெள்ளிக்கு விற்பதன் கொள்முதல் விலை ஏறக்குறைய 64 வருகிறது. அப்படியானால் விற்றுப்போனதன் அடக்க விலை சுமார் 7,000. எண்ணிய 19,600உடன் விற்றுப்போன 7,000ஐக் கூட்டி, புதிதாக வந்த 8,100ஐக் கழித்தால் 18,500. டிசம்பர் 31 இரவு அலமாரியில் இருந்த சரக்கின் மதிப்பு அதுதான்.

கடன் நோட்டில் அன்று நிலுவை 7,000. அதில் 600 வெள்ளி, வீடு மாறிப்போய் 2022க்குப் பிறகு கடைப்பக்கமே வராத ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. வராத பணத்தைச் சொத்தாகக் காட்டக்கூடாது. எனவே கடனாளிகள் 6,400.

நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கண்டுபிடிக்க 2023 பக்கங்களைப் புரட்டிப் பயனில்லை. கொடுக்காததை யாரும் நாள் நோட்டில் எழுதுவதில்லையே. 2024 ஜனவரி, பிப்ரவரி பக்கங்களைப் பாருங்கள். அந்த மாதங்களில் நீங்கள் பணம் கட்டிய ஒவ்வொரு பில்லிலும் தேதி என்ன? டிசம்பர் தேதியிட்ட சரக்கு பில்களைக் கூட்டினால் 11,600 வருகிறது. டிசம்பர் மாத மின்கட்டணம் 300 ஜனவரியில்தான் கட்டியிருக்கிறீர்கள். அதுவும் அன்றைய கடன்தான். அப்புறம் உங்கள் அண்ணன் கொடுத்த பணம். 2024இல் அவருக்கு 4,000 திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், இன்னும் 6,000 பாக்கி என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. ஆகவே டிசம்பர் 31 அன்று 10,000.

இனி எந்த நோட்டிலும் இல்லாத இரண்டு சொத்துகள். ஒன்று, கடைக்குக் கொடுத்த மூன்று மாத வாடகை முன்பணம் 9,000. 2019இல் கொடுத்ததால் அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் அது வரவில்லை. இன்னொன்று, 18,000 வெள்ளிக்குச் செய்த அடுக்குகளும் கண்ணாடிப் பேழையும். 15 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 1,200. ஐந்து வருடத்துக்கு 6,000 கழித்தால் 12,000.

இப்போது நிலை அறிக்கை இப்படி நிற்கிறது:

| 31.12.2023 | வெள்ளி |
|---|---|
| கல்லா | 1,200 |
| வங்கி | 14,300 |
| சரக்கிருப்பு | 18,500 |
| கடனாளிகள் | 6,400 |
| வாடகை முன்பணம் | 9,000 |
| அடுக்குகள், பேழை | 12,000 |
| மொத்தச் சொத்து | 61,400 |
| சரக்கு பாக்கி | 11,600 |
| மின்கட்டண பாக்கி | 300 |
| அண்ணன் கடன் | 10,000 |
| மொத்தக் கடன் | 21,900 |
| தொடக்க முதல் | 39,500 |

இந்த 39,500 கையில் வந்தபின் 2024க்கு வருவோம். உங்கள் நோட்டில் வந்த பணமும் போன பணமும்தான் இருக்கின்றன. விற்பனை, கொள்முதல் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் இரண்டு முனைகளும் தெரிந்தால் நடுவில் இருப்பதைக் கணக்கிட்டுவிடலாம். கடன் வாங்கியவர்கள் வருடத்தில் 28,500 கட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் நிலுவை 6,400, டிசம்பர் 31 அன்று 7,900. எனவே கடனுக்கு விற்றது 28,500 கூட்டல் 7,900 கழித்தல் 6,400, அதாவது 30,000. கைமேல் காசாகவும் பேநவ் வழியாகவும் விற்றது 168,000. மொத்த விற்பனை 198,000. சரக்குக்காரர்களுக்குக் கட்டியது 126,400. வருடக் கடைசியில் பாக்கி 13,200, தொடக்கத்தில் 11,600. அதே வழியில் போட்டால் கொள்முதல் 128,000.

தொடக்கச் சரக்கு 18,500, கொள்முதல் 128,000, கடைசியில் எண்ணிய சரக்கு 21,000. விற்ற பொருளின் அடக்கம் 125,500, மொத்த இலாபம் 72,500. வாடகை 36,000, பகுதிநேரப் பெண்ணின் சம்பளம் மத்திய சேம நிதியோடு 3,600, சில்லறைச் செலவு 2,000, தேய்மானம் 1,200. மின்கட்டணம் கட்டியது 3,650தான். அதில் 300 போன வருடத்துடையது. இந்த வருடத்து 350 இன்னும் கட்டவில்லை. எனவே செலவாக எழுத வேண்டியது 3,700. எல்லாம் போக நிகர இலாபம் 26,000. அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்த 4,000ஐ செலவில் சேர்த்துவிடாதீர்கள். அது கடன் குறைவது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு எடுத்தது, பிள்ளையின் கட்டணம், உங்கள் சொந்த மெடிசேவ் தொகை எல்லாம் எடுப்புகள். மொத்தம் 24,000. தொடக்க முதல் 39,500, இலாபம் 26,000, எடுப்பு 24,000. அப்படியானால் இறுதி முதல் 41,500 வர வேண்டும். 2024 டிசம்பர் 31க்கு இன்னொரு நிலை அறிக்கை போட்டுப் பார்த்தேன். சொத்து 61,050, கடன் 19,550. வித்தியாசம் 41,500. சரியாக வந்துவிட்டது. அந்தத் தாள்தான் வங்கி கேட்கும் இருப்புநிலைக் குறிப்பு.

சரியாக வந்துவிட்டது என்பதை வைத்து எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான். தொடக்கப் பட்டியலில் வாடகை முன்பணத்தை மறந்து, கடைசிப் பட்டியலில் மட்டும் எழுதியிருந்தால் கணக்கு 9,000 இடிக்கும். அந்த எண்ணைப் பார்த்ததுமே எது விடுபட்டது என்று பிடித்துவிடலாம். தொடக்க முதல், இறுதி முதல் இரண்டை மட்டும் ஒப்பிட்டு இலாபம் கண்டுபிடிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. அவர்கள் 26,000க்குப் பதில் 35,000 இலாபம் என்று எழுதி, அதற்கு வரியும் கட்டுவார்கள். விற்பனை, கொள்முதல் எல்லாம் பிரித்து இறுதிக் கணக்கு போடச் சொல்வது இதற்காகத்தான்.

தொடக்கச் சரக்கில் தப்பு நடந்தால் கதை வேறு. 18,500ஐ விற்பனை விலையில் எழுதினால் சுமார் 29,000 ஆகும். தொடக்க முதல் 10,500 கூடும், இலாபம் அதே 10,500 குறைந்து 15,500 ஆகும், கணக்கு அப்போதும் ஒரு காசு பிசகாமல் பொருந்தும்! இதைக் காட்டிக்கொடுப்பது மொத்த இலாப விகிதம் மட்டுமே. உங்கள் விலைச் சீட்டின்படி 100க்கு 36 வெள்ளி நிற்க வேண்டும். சரியான கணக்கில் 72,500 என்பது 36.6 விழுக்காடு. தப்பான கணக்கில் 31க்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் கண்ணுக்குத் தெரியாது. கல்லாவிலிருந்து எடுத்த பணத்தை எழுதாமல், வந்த விற்பனையையும் அந்த அளவுக்குக் குறைத்து எழுதியிருந்தால் அதுவும் பொருந்தும். அதற்கும் இந்த விகிதம்தான் சோதனை. உங்கள் நோட்டில் அந்தச் சந்தேகம் எனக்கு வரவில்லை.

வரிக்கு இந்த 26,000ஐ அப்படியே எழுத வேண்டாம். உள்நாட்டு வருவாய் ஆணையம் தேய்மானத்தைச் செலவாக ஏற்காது. அந்த 1,200ஐத் திரும்பக் கூட்டிவிட்டு, அதற்குப் பதிலாக, அடுக்கு, பேழை போன்ற சொத்துகளின் விலைக்காக வரிக் கணக்கில் கழிக்க விடும் மூலதனச் சலுகை பாக்கி இருந்தால் கேட்க வேண்டும். நோட்டுகளையும் பில்களையும் ஐந்து வருடம் தூக்கிப்போடாதீர்கள்.

வங்கிக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. அண்ணன் கடன் 10,000 என்பதற்கு இப்போதைக்கு ஓரக் குறிப்பு மட்டும்தான் சான்று. 2023 டிசம்பர் 31 அன்று பாக்கி எவ்வளவு என்று அவரிடம் கேட்டு, ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். அவர் வேறு தொகை சொன்னால் எனக்கு எழுதுங்கள். தொடக்க முதலிலிருந்து மீண்டும் போட வேண்டியிருக்கும்.