மெஸ் சாப்பாட்டுக்கு மூன்று விலை: எது எந்த நிலை விலை பேதம்?

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு 100 ரூபாய். கல்லூரி அடையாள அட்டை காட்டினால் 80. மாதத்துக்கு 30 டோக்கன் கொண்ட புத்தகம் 2,550 ரூபாய். விசேஷ ஆர்டர் வந்தால் ஆளைப் பார்த்து இலைக்கு 180-லிருந்து 240 வரை சொல்வேன். பி.காம். படிக்கும் என் மகள், பாடத்தில் வரும் மூன்று நிலை விலை பேதமும் நம் கடையிலேயே இருக்கிறது என்கிறாள். ஆனால் எது எந்த நிலை என்பதில் அவளுக்கே குழப்பம். எனக்குத் தெரிய வேண்டியது, இதனால் லாபமா நட்டமா என்பது. அரிசி, காய்கறி, கேஸ், இலை எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 60 ரூபாய் ஆகிறது. வாடகை, சம்பளம் தனி.

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. மூன்றும் இருக்கின்றன. மாணவர் விலை மூன்றாம் நிலை, டோக்கன் புத்தகம் இரண்டாம் நிலை, விசேஷ ஆர்டர் முதல் நிலையை நோக்கிப் போகிற முயற்சி. தேர்வுக்கு இது போதும். கல்லாவுக்குப் போதாது. ஏனென்றால் இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குத் தெரியாமலே காசைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நிலைகளை ஆர்தர் பிகு என்ற பொருளாதார அறிஞர் 1920-ல் பிரித்து வைத்தார். எண்களை மனப்பாடம் செய்வதால்தான் குழப்பம் வருகிறது. அதற்குப் பதில், இந்த வாடிக்கையாளருக்கு இந்த விலை என்று தரம் பிரித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாக எடைபோட்டு நீங்களே விலை சொன்னால் முதல் நிலை. எல்லோர் முன்னாலும் ஒரே விலைப்பட்டியலை வைத்து, அவரவர் தேர்வு செய்வதை வைத்து விலை மாறினால் இரண்டாம் நிலை. வெளியே தெரிகிற ஓர் அடையாளத்தை வைத்து (வயது, படிப்பு, ஊர், நாடு) கூட்டத்தைப் பிரித்து, பிரிவுக்கு ஒரு விலை வைத்தால் மூன்றாம் நிலை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குத் தொல்லியல் துறை இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் கட்டணம் வைத்தது மூன்றாம் நிலைக்கு அச்சு அசலான உதாரணம். எந்த விலை வேண்டும் என்று பயணி தேர்ந்தெடுக்க முடியாது, பாஸ்போர்ட் தேர்ந்தெடுக்கும். மின் கட்டணத்தில் இரண்டு நிலைகள் ஒன்றாக வரும், தேர்வில் மாட்டிவிடுவது இங்கேதான். வீட்டு இணைப்புக்கு ஒரு விலை, கடை இணைப்புக்கு ஒரு விலை என்பது மூன்றாம் நிலை. அதே வீட்டுக்குள் யூனிட் கூடக் கூட அடுக்கு மாறி விலை மாறுவது இரண்டாம் நிலை. அங்கே விலை ஏறுகிறது, உங்கள் டோக்கனில் இறங்குகிறது. ஏறினாலும் இறங்கினாலும் வாங்கும் அளவை வைத்து மாறுவதால் நிலை மாறாது.

இனி உங்கள் கணக்கு. மாணவர் விலையிலிருந்து தொடங்குவோம். 100 ரூபாய்க்கு விற்றால் ஒரு சாப்பாட்டில் 40 நிற்கும், 80-க்கு விற்றால் 20. ஆக, 20 ரூபாய் குறைத்ததால் புதிதாக வரும் ஒரு மாணவர் உங்களுக்கு 20 ரூபாய் தருகிறார். ஏற்கெனவே 100 கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவர் 20 ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். ஒரு நாளில் 50 மாணவர் சாப்பாடு போகிறது, அதில் 15 பேர் பழைய ஆட்கள் என்று வைத்துக்கொண்டால், 35 புது ஆட்களால் 700 வரவு, 15 பழைய ஆட்களால் 300 இழப்பு, மிச்சம் 400. புதியவர்கள் பழையவர்களைவிட அதிகமாக இருக்கும்வரை இந்தச் சலுகை உங்களுக்கு நல்லது. விலையை 75 ஆக்கினால் இந்தச் சமநிலை போய்விடும். புது ஆள் 15 தருவார், பழைய ஆள் 25 எடுப்பார்.

இதைத்தான் பாடப்புத்தகம் தேவை நெகிழ்ச்சி என்கிறது: விலை குறைந்தால் யார் ஓடி வருவார்களோ அவர்களுக்குக் குறை, எப்படியும் வருகிறவர்களுக்குக் குறைக்காதே. மாணவருக்கு எதிர்க்கடையும் உண்டு, விடுதிச் சாப்பாடும் உண்டு, ஒருவேளை பட்டினி கிடக்கும் வயதும் உண்டு. பக்கத்து அலுவலகக்காரருக்கு அரை மணி நேர இடைவேளைதான். ஆகவே பிரித்த விதம் சரி. ஓட்டை இருக்கும் இடம் பார்சல். அட்டையைக் காட்டி ஒரு பையன் நாலு பார்சல் வாங்கி, அறையில் இருக்கும் வேலைக்குப் போகிற அண்ணன்களுக்குக் கொடுத்தால் உங்கள் பிரிவினை அன்றே உடைந்துவிடும். மலிவாக வாங்கியவர் மற்றவருக்குக் கைமாற்ற முடியாதபோதுதான் விலை பேதம் நிற்கும். ஆகவே 80 ரூபாய் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டும் என்று எழுதிப் போடுங்கள். பார்சல் டப்பாவுக்கு நீங்கள் தனியாக 10 ரூபாய் வாங்கினால் அது பேதமே இல்லை, டப்பாவின் செலவு. செலவு வித்தியாசத்தால் வரும் விலை வித்தியாசத்தை எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள். மதிப்பெண் அதிகம் போவது இந்த இடத்தில்தான்.

டோக்கன் புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு சாப்பாடு 85 ரூபாய் ஆகிறது, 60 செலவு போக 25 நிற்கிறது, ஆகவே லாபம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கு தப்பு. புத்தகம் வாங்குவதற்கு முன் அந்த ஆள் மாதத்தில் எத்தனை நாள் சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும்.

மாதம் 20 நாள் வந்து 2,000 ரூபாய் கொடுத்தவர் புத்தகம் வாங்கி 30 டோக்கனும் கிழிக்கிறார். உங்களுக்குக் கூடுதலாக வந்தது 550. நீங்கள் கூடுதலாகப் போட்டது 10 சாப்பாடு, செலவு 600. அவர் அதிகமாகச் சாப்பிட்டதால் உங்களுக்கு 50 ரூபாய் நட்டம். மாதம் 26 நாள் வந்தவர் இன்னும் மோசம். 2,600 கொடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது 2,550 கொடுக்கிறார், மேலே 4 சாப்பாடும் சாப்பிடுகிறார். 290 ரூபாய் போச்சு. மாதம் 12 நாள் மட்டும் வந்துகொண்டிருந்தவர் புத்தகம் வாங்கினால் 1,350 கூடுதல் வரவு, 18 சாப்பாட்டுக்கு 1,080 செலவு, கையில் 270 லாபம். எல்லா டோக்கனும் கிழிபடும் என்று வைத்துப் பார்த்தால், முன்பு 18 நாள்வரை வந்தவரிடம் லாபம், 19-லிருந்து நட்டம்.

ஆனால் புத்தகத்தை ஆசையாக வாங்குவது யார்? 26 நாள்காரர். அவருக்கு யோசிக்கவே வேண்டாம், கையோடு 50 ரூபாய் மிச்சம். இரண்டாம் நிலையின் குணமே இதுதான். பட்டியலை வைப்பது நீங்கள், ஆளைத் தேர்ந்தெடுப்பது பட்டியல். நீங்கள் மனதில் நினைத்த ஆள் அதை எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிழிக்காமல் வீணாகும் டோக்கன்கள் உங்களைக் கொஞ்சம் காப்பாற்றும், அதை நம்பித் தொழில் செய்ய வேண்டாம்.

புத்தகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தள்ளுபடியை முதல் சாப்பாட்டிலிருந்து கொடுக்காமல் கடைசியில் கொடுங்கள். ஒரு மாத அட்டை போடுங்கள்: முதல் 20 சாப்பாடு 100 ரூபாய், அதே மாதத்தில் 21-வதிலிருந்து 75. முன்பு 20 நாள் வந்தவர் 30 நாள் வந்தால் அந்த 10 சாப்பாட்டில் 15 வீதம் 150 லாபம். முன்பு நட்டம் 50. 26 நாள்காரரிடம் 6 சாப்பாட்டுக்கு 25 வீதம் 150 விட்டுக்கொடுக்கிறீர்கள், புதிதாக வரும் 4 சாப்பாட்டில் 60 கிடைக்கிறது, இழப்பு 290-லிருந்து 90 ஆக இறங்குகிறது. அட்டையில் பெயர் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே அட்டையில் சாப்பிட்டு 21-வதுக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

இரண்டாம் நிலையில் அளவு மட்டுமல்ல, தரமும் வரும். பிரான்சில் 1849-ல் ஜூல் டுபுயி என்ற பொறியாளர் ரயில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாததைப் பற்றி எழுதினார். கூரைக்கு ஆகும் செலவு அற்பம். இரண்டாம் வகுப்புக்குக் காசு வைத்திருப்பவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே ஏழைகளை வெயிலில் உட்கார வைத்தார்கள் என்பது அவர் கருத்து. நாளைக்கு நீங்கள் ஏசி அறை போட்டு அதே சாப்பாட்டை 130-க்கு விற்றால் இது நினைவுக்கு வரட்டும். வெளிக்கூடத்து மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக விசேஷ ஆர்டர். முழுமையான முதல் நிலை என்பது ஒவ்வொருவரும் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்ச விலையைக் கண்டுபிடித்து அப்படியே வாங்கிவிடுவது. கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நுகர்வோர் உபரி, அதில் ஒரு ரூபாய்கூட அவரிடம் மிஞ்சாது. அப்படி யாராலும் முடியாது, ஏனென்றால் அந்த எண் அவர் மனதில் இருக்கிறது. முடிந்தவரை நெருங்கலாம். நகைக்கடையில் தங்கத்தின் அன்றைய விலை பலகையில் இருக்கும், பேரம் நடப்பது சேதாரத்திலும் செய்கூலியிலும். ஒரே வளையலுக்கு இரண்டு பேர் இரண்டு சேதாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் வீட்டையும் காரையும் பார்த்து விலை சொல்வதும், "பட்ஜெட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று முதலில் கேட்பதும் அதே வேலைதான். வீடு இருக்கும் தெருவை வைத்து, இந்தத் தெருவுக்கு 240, அந்தத் தெருவுக்கு 180 என்று நிரந்தரமாக வைத்துவிட்டீர்களானால் அது மூன்றாம் நிலைக்கு நழுவிவிடும். ஆளுக்கு ஆள் தனி விலை இருந்தால்தான் முதல் நிலை.

இதில் உங்களுக்கு ஆபத்து உண்டு. கல்யாண வீட்டிலும் வளைகாப்பிலும் சாப்பிட வருகிறவர்கள் சொந்தக்காரர்கள். அவர்கள் பேசிக்கொள்வார்கள். அதே சாம்பார், அதே பாயசம், அக்கா வீட்டுக்கு 180, தங்கை வீட்டுக்கு 240 என்று தெரிந்தால் இரண்டு வீடும் போய்விடும். 100 இலை ஆர்டருக்கு 6,000 ரூபாய் வித்தியாசத்தை யாரும் மறக்க மாட்டார்கள்.

நான் சொல்வது, ஆளைப் பார்த்து விலை சொல்வதை விட்டு மூன்று இலை வையுங்கள். 180-க்கு இப்போது போடுகிற அதே இலை. 210-க்கு அதோடு இன்னொரு இனிப்பும் ஒரு வடையும். 240-க்கு அதற்கு மேல் ஐஸ்கிரீமும் பீடாவும் பரிமாற ஆளும். 180-லிருந்து 240-க்குப் போக உங்களுக்குக் கூடுதல் செலவு 25 ரூபாய்க்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விலை 60 கூடுகிறது, செலவு 25 கூடுகிறது, மீதி 35 விலை பேதத்தில் வந்த லாபம். வசதி உள்ளவர் தானாகவே 240 எடுப்பார், அவர் தங்கை கேட்டால் அச்சடித்த பட்டியலைக் காட்டலாம். இதை எந்த நிலையில் சேர்ப்பது என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். "இரண்டு" என்று உடனே சொன்னால் தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம்.