விஎன்ஏ காலிப்ரேஷன்: வாசகர் கேள்விகள்

ஃபில்டரின் பாஸ்பேண்டில் S21 +0.4 டெசிபெல் காட்டுகிறது. ஃபில்டர் நல்லதா?

பேட்டரி இல்லாத ஃபில்டர் சிக்னலைப் பெருக்காது. 1 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை, 101 புள்ளிகளில் காலிப்ரேஷன் செய்துவிட்டு 140–150க்குச் சுருக்கியதாகக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் எழுதியிருக்கலாம். புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நடுவில் உள்ளதெல்லாம் கருவியின் ஊகம். எல்லையை முதலில் வையுங்கள், அப்புறம் காலிப்ரேஷன்.

கருவியின் சாக்கெட்டிலேயே காலிப்ரேஷன் செய்துவிட்டு, பிறகு கேபிளை மாட்டலாமா?

கூடாது. ஃபில்டர் எங்கே மாட்டப்போகிறதோ, அந்தக் கேபிள் முனையில்தான். முடித்தபின் கேபிளை வளைக்காதீர்கள்.

ஓப்பனைத் திரும்ப மாட்டினால் ஸ்மித் சார்ட்டில் புள்ளிக்குப் பதில் சின்ன வில் வருகிறது.

வரட்டும். ஓப்பன் முனையில் கொஞ்சம் கொள்ளளவு உண்டு. கிட்டின் விவரங்களைக் கருவியில் சரியாகக் கொடுத்திருந்தால் வில்தான் வர வேண்டும்.

லோடைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், −65 டெசிபெல். காலிப்ரேஷன் அருமை. ஆனால் என்னிடம் 23 டெசிபெல் ரிட்டர்ன் லாஸ் காட்டும் ஃபில்டர், நண்பரின் விஎன்ஏவில் 20 காட்டுகிறது. அவருடையது பழுதா?

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது! அந்த லோடு எப்படி இருந்தாலும் "இதுதான் பிசகில்லாத 50 ஓம்" என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதையே திரும்ப மாட்டினால் சொன்னதைத்தான் ஒப்பிக்கும். −65 என்பது இணைப்பு மாறாமல் திரும்ப வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

உங்கள் லோடின் உண்மையான ரிட்டர்ன் லாஸ் 30 என்று வைப்போம். பிரதிபலிப்பு சுமார் 0.03. ஃபில்டருடையது 20, அதாவது 0.1. இரண்டும் கூடினால் 0.13, கழிந்தால் 0.07. ஆகவே அதே ஃபில்டர் கட்டத்தைப் பொறுத்து சுமார் 17.7 முதல் 23 வரை எங்கும் தெரியலாம். நண்பரை விட்டுவிடுங்கள்.

காலிப்ரேஷனில் பயன்படாத ஒன்றால் சோதியுங்கள். தரமான 10 டெசிபெல் அட்டென்யூவேட்டரை மாட்டி, மறுமுனையில் ஷார்ட், பிறகு ஓப்பன். சிக்னல் போக 10, திரும்ப 10. இரண்டு முறையும் 20க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்று 18, மற்றது 23 என்று பிரிந்தால் லோடை மாற்றுங்கள். ஒரே அலைவெண்ணில் இரண்டும் ஒத்துப்போவதை நம்பாமல் முழு எல்லையையும் பாருங்கள்.

ஸ்டாப்பேண்டு −70க்குக் கீழே இறங்கவில்லை.

ஃபில்டரைக் கழற்றி இரு கேபிள் முனைகளிலும் லோடு போடுங்கள். அப்போதும் −70 என்றால் நீங்கள் பார்ப்பது கருவியின் தரை. ஐஎஃப் பேண்ட்வித்தைப் பத்தில் ஒன்றாக்கினால் இரைச்சல் 10 டெசிபெல் இறங்கும். இறங்காவிட்டால் கசிவு; கனெக்டர் இறுக்கத்தைப் பாருங்கள், கேபிள்களைத் தள்ளி வையுங்கள். வைத்தபின் மறுபடி காலிப்ரேஷன்.