கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் சிசேரியன்தானா?

"எனக்கு 36 வாரம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நியூக்கல் கார்ட், சிங்கிள் லூப்' என்று போட்டிருக்கிறது. குழந்தைக்கு மூச்சு முட்டாதா? இப்போதே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாமா?"

வேண்டாம். தொப்புள்கொடி கழுத்தை ஒரு சுற்று சுற்றியிருக்கிறது என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். வயிற்றுக்குள் குழந்தை மூக்காலோ தொண்டையாலோ மூச்சு விடுவதில்லை, ஆக்சிஜன் முழுக்கக் கொடி வழியாகத்தான் போகிறது. அதனால் கழுத்து இறுகுமா என்பதைவிட, கொடி நசுங்கி அதில் ரத்தம் ஓடுவது தடைபடுமா என்பதுதான் கேள்வி. அதுவும் சுலபத்தில் நடக்காது, ஏனென்றால் கொடிக்குள் இருக்கும் மூன்று ரத்தக் குழாய்களைச் சுற்றி வழவழப்பான ஜெல்லி மாதிரி ஒன்று மெத்தைபோல இருக்கிறது. கொடியும் சராசரியாக 50 செ.மீ.க்கு மேல் நீளம்.

இவ்வளவு நீளக் கொடியோடு குழந்தை நாள் முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தால் சுற்றிக்கொள்ளத்தானே செய்யும். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி இருக்கும், பெரும்பாலும் ஒரே சுற்று. இன்று ஸ்கேனில் தெரிவது அடுத்த வாரம் தானாகவே அவிழ்ந்திருக்கலாம், இன்று இல்லாதது பிரசவத்தன்று இருக்கலாம். தளர்வாக இருக்கிறதா இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது. ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதில் அர்த்தமில்லை. (நீங்கள் கையைத் தூக்கித் துணி காயப்போட்டதால் சுற்றியது, மாமனுக்கு ஆகாது என்றெல்லாம் வீட்டில் சொல்வார்கள், இரண்டுமே பொய்.)

எப்போது கவனிக்க வேண்டும்? இரண்டு மூன்று சுற்று இருந்து, கூடவே வளர்ச்சி குறைவு, பனிக்குட நீர் குறைவு, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தில் மாற்றம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் டாக்டர் அடிக்கடி பார்ப்பார். உங்கள் கையில் இருப்பது குழந்தையின் அசைவைக் கவனிப்பது. வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி தோன்றினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கொடி சுற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் வழி.

வலி வந்த பிறகு தலை கீழே இறங்க இறங்கக் கொடி இழுபடும், அப்போது சி.டி.ஜி. மெஷினில் குழந்தையின் இதயத் துடிப்பு சட்டென்று சரிந்து மறுபடி ஏறுவது தெரியலாம். உடனே பயப்பட வேண்டியதில்லை, உங்களை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். சரிவு ஆழமாகி, நீண்டு, ஏறவே நேரம் எடுத்தால்தான் சிசேரியனோ கருவி வைத்து எடுக்கும் பிரசவமோ தேவைப்படும். மற்றபடி தலை வெளியே வந்ததும் டாக்டர் கழுத்தில் விரல் விட்டுப் பார்ப்பார், தளர்வாக இருந்தால் சுற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார், அப்புறம் உடம்பு வந்துவிடும். கழற்ற முடியாத அளவு இறுக்கமென்றால் குழந்தையின் தலையை உங்கள் தொடையோடு ஒட்டிப் பிடித்து உடம்பை வெளியே வரவிட்டு, பிறகு அவிழ்ப்பார்கள். அதுவும் முடியாதபோதுதான் அங்கேயே கிளிப் போட்டு வெட்டுவார்கள். இறுக்கமாகச் சுற்றியிருந்த குழந்தை சில சமயம் கொஞ்சம் வெளிறியோ முகம் நீலம்பாரித்தோ பிறக்கும், குழந்தை டாக்டர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார்.

அடுத்த செக்கப்பில் கொடியைப் பற்றிக் கேட்பதோடு, வளர்ச்சியும் நீரும் சரியா, வலி வந்தால் இதயத் துடிப்பை எப்படிக் கண்காணிப்பார்கள் என்றும் கேளுங்கள்.