எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே முன்ஜாமீன் கேட்கலாமா?

"கூட்டாகத் தொழில் செய்த நண்பர், நான் 4 லட்சம் ரூபாய் மோசடி செய்துவிட்டதாகப் பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி போன் வந்தது. எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று தெரியவில்லை. போனால் கைது செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது சார்."

கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் முன்ஜாமீன் என்று சட்டத்தில் இல்லை, 1980-லேயே சிப்பியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் வெறும் பயம் போதாது, கைது செய்யக்கூடும் என்று நம்ப உருப்படியான காரணம் வேண்டும். உங்களுக்கு வந்த போன் அழைப்பு அதில் ஒன்று. தேதி, நேரம், பேசியவர் யார் என்பதை இன்றே எழுதி வையுங்கள்.

அதற்கு முன், புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வக்கீல் மூலம் ஸ்டேஷனில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் போடுவார்கள். அந்த நிலையில் மனு போட்டால் அரசு வக்கீல் "வழக்கு பதிவாகவில்லை, விசாரணை மட்டும்தான்" என்பார், நீதிபதி அதைப் பதிவு செய்துகொண்டு மனுவை முடித்துவிடுவார். மறுநாளே எஃப்.ஐ.ஆர். வந்தால் நீங்கள் திரும்பவும் மனு போட வேண்டியிருக்கும்.

எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டால், பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-வது பிரிவில் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போங்கள், அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. மனுவில் "புகார் பொய்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராததாலேயே அது மோசடி ஆகிவிடாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவருக்கு லாபப் பங்கு அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், கணக்கு பற்றிப் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், கூட்டு ஒப்பந்தம், எல்லாவற்றையும் சேருங்கள். அழித்துவிடாதீர்கள், அவருக்கு போன் செய்து சண்டையும் போடாதீர்கள்.

மனு போட்டுவிட்டோம், இனி கைது செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, உத்தரவு வரும்வரை பாதுகாப்பு இல்லை. அதனால் இடைக்காலப் பாதுகாப்பையும் சேர்த்தே கேளுங்கள்.

மோசடிக்கு அதிகபட்சம் 7 ஆண்டு தண்டனை. இந்த வகை வழக்கில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. கைது அவசியமில்லை என்றால் அதே சட்டத்தின் 35(3) பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் தவிர்க்காதீர்கள், வக்கீலிடம் சொல்லிவிட்டு அந்தத் தேதியில் போங்கள். நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரை கைது செய்ய வேண்டுமானால், அதிகாரி காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

சரி, முன்ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமாக 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி இரண்டு ஜாமீன்தாரர்களைக் காட்டச் சொல்வார்கள், சில நாள் ஸ்டேஷனில் கையெழுத்தும் போட வேண்டியிருக்கும். கெடு தாண்டினால் உத்தரவு பயனற்றுப் போய்விடும், அதனால் ஜாமீன்தாரர்களை இப்போதே பேசி வையுங்கள்.