பழுதான சோற்றுக் குக்கரும் ஒரு நட்சத்திர விமர்சனமும்

“அண்ணா, படிக்க வந்து ஆறு மாதம். ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறேன். ஒக்டோபரில் இணையக் கடையில் 79 யூரோ 90 சதத்துக்கு வாங்கிய சோற்றுக் குக்கர் ஜனவரியில் சூடாவதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் ‘பதினான்கு நாள் முடிந்துவிட்டது, கம்பெனியிடம் கேளுங்கள்’ என்கிறார். ‘ஏமாற்றுக்காரர்கள், என் காசைத் திருப்பித் தாருங்கள்’ என்று ஜெர்மனில் ஒரு நட்சத்திர விமர்சனம் எழுதி வைத்திருக்கிறேன். போடலாமா? அப்புறம், குளிர் ஜாக்கெட்டை இங்கே வாங்குவதா, ஊரிலிருந்து எடுப்பிப்பதா?”

தம்பி, ஜாக்கெட்டை இங்கேயே வாங்குங்கள், அது அவ்வளவுதான். விமர்சனத்தை இன்றைக்குப் போட வேண்டாம். அதில் நீங்கள் காசு கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. விமர்சனத்தை வாசிப்பது மற்ற வாடிக்கையாளர்கள். கடைக்காரருக்கு மின்னஞ்சலோ கடிதமோ போனால்தான் நாளைக்கு “எனக்குத் தெரியாது” என்று அவரால் சொல்ல முடியாது.

அவர் சொன்ன பதினான்கு நாள் வேறு விஷயம். அது விடர்ரூஃப். இணையத்தில் வாங்கிய பொருள் நன்றாகவே இருந்தாலும், பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து பதினான்கு நாளில் அது முடிந்துவிடும். உங்களுடையது பழுதான பொருள். அதற்கு கெவேர்லைஸ்டுங் என்ற சட்டப் பொறுப்பு உண்டு. புதுப் பொருளுக்கு இரண்டு வருடம், பொறுப்பாளி உங்களுக்கு விற்றவர். “கம்பெனியிடம் கேளுங்கள்” என்பது காரன்டீயைப் பற்றிய பேச்சு. அது பொருளைத் தயாரித்த கம்பெனி தன் விருப்பத்தில் கொடுப்பது. அதைக் காட்டி விற்றவர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த மூன்றையும் குழப்பிவிட்டால் பாதிப் பேர் பேசாமல் போய்விடுவார்கள் என்பது சில கடைகளுக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் வாங்கிய பொருட்களுக்கு, முதல் ஒரு வருடத்துக்குள் தெரியவரும் பழுது கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்றால் விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். முன்பு அது ஆறு மாதம். நீங்கள் மூன்று மாதத்தில் நிற்கிறீர்கள். கீழே விழுந்து உடைந்த குக்கர் என்றால் கதை வேறு, சும்மா சூடாகாமல் போனது என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

நான் வந்தபோது இவ்வளவு உரிமை இருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் அகதி முகாமில் நாலு பேர் ஒரு அறை. மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் எல்லோரும் காசு சேர்த்து ஒரு மின் ஹீட்டர் வாங்கினோம். அது எட்டாவது மாதத்தில் செத்தது. கடையில் சட்டம் ஆறு மாதம்தான் என்றார்கள், அன்றைக்கு அது உண்மையும்கூட. 2002-இல் சட்டம் மாறிய பிறகுதான் இரண்டு வருடம் வந்தது. அந்தக் கடையில் நின்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாமல் திரும்பி வந்த அன்றுதான் கடிதம் எழுதப் பழக வேண்டும் என்று முடிவெடுத்தேன். இப்போது எங்கள் வட்டாரத்தில் யாருக்கு ஒரு கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்.

சரி, உங்கள் குக்கர். முதலில் இன்வாய்ஸில் விற்றவரின் பெயரைப் பாருங்கள். பெரிய சந்தைத் தளத்தில் வாங்கியிருந்தால் தளம் வேறு, விற்றவர் வேறாக இருக்கலாம். எழுத வேண்டியது விற்றவருக்கு. ஓடர் இலக்கம், பொருள் வந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். “பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, தட்டு சூடாகவில்லை, வேறு இரண்டு பிளக்கிலும் போட்டுப் பார்த்தேன்” என்பது மாதிரி இருந்தால் போதும், கோபம் வேண்டாம். ஒரு சின்னக் காணொளியை இணையுங்கள்.

அடுத்தது, இதில்தான் பலர் தவறுகிறார்கள்: முதல் கடிதத்திலேயே காசைக் கேட்காதீர்கள். சட்டப்படி விற்றவருக்கு முதலில் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் நாக்எர்ஃபுல்லுங். திருத்தித் தருவதா, புதிது தருவதா என்று தேர்வு செய்வது பொதுவாக நீங்கள், ஒன்றுக்கு அளவுக்கு மீறிச் செலவாகும் என்றால் மட்டும் அதை அவர் மறுக்கலாம். நீங்கள் புதியதைக் கேளுங்கள். இரண்டு வாரம் தள்ளி ஒரு திட்டமான தேதியை எழுதுங்கள். “சீக்கிரம்” என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் பிடிபடாது. அனுப்பும் செலவு விற்றவருடையது, ஆகவே பார்சலில் ஒட்டும் சீட்டை அவரிடமே கேளுங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இந்த உரிமைக்குப் பெட்டி தேவையில்லை. இன்வாய்ஸைத் தொலைத்தவர்களுக்கும் வங்கிக் கணக்கு விவரம் சாட்சியாக நிற்கும்.

அந்தத் தேதி தாண்டியும் ஒன்றும் வராவிட்டால், அல்லது “முடியாது” என்று நேரடியாக மறுத்துவிட்டால், இரண்டாவது கடிதம். அதில் ரூக்ட்ரிட், அதாவது வாங்கிய ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று தெளிவாக எழுதி, 79 யூரோ 90 சதத்தையும் உங்கள் வங்கி இலக்கத்தையும் கொடுங்கள். குக்கரைத் திருப்பி அனுப்பத் தயார் என்றும் சேருங்கள். கூப்பன் தருகிறோம் என்பார்கள், நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இரண்டாவது கடிதத்தை மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஃபெர்பிரௌகர்சென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை நிலையம் இருக்கிறது. கடைசியாக, காசைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் அனுப்பும் மான்பெஷைட். டோர்ட்முண்டில் இருக்கும் உங்களுக்கு அது ஹாகன் நீதிமன்றத்திலிருந்து வரும். அதற்கு முதலில் நீங்களே கட்டணம் கட்ட வேண்டும், அதனால் உடனே அதற்குப் போகாதீர்கள். விற்றவர் ஐரோப்பாவுக்கு வெளியே என்றால் உரிமை இருந்தும் கையில் கிடைப்பது சந்தேகம், அப்படியென்றால் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பை, அதன் காலக்கெடு முடிய முன்னர் கேளுங்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பகுதி “எண்பது யூரோதானே, வெள்ளைக்காரனோடு ஏன் சண்டை” என்று உங்களை அடக்கும். மற்றப் பகுதி ஃபோனில் கத்தும், பிறகு எழுத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டாலும் கடைக்காரருக்குத்தான் லாபம். இந்த நாட்டில் எழுத்தில் உள்ளதற்குத்தான் மதிப்பு. நான் எல்லாக் கடிதத்தையும் ஓர்ட்னர் என்ற கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைகளும் அதே பழக்கம்.

விமர்சனத்தைக் கடைசியில் போடலாம், போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் “ஏமாற்றுக்காரர்கள்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கருத்துக்கு இங்கே பெரிய பாதுகாப்பு உண்டு. 2022 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம், அனுப்பும் செலவு பகல்கொள்ளை என்ற பொருள்பட எழுதிய ஒரு வாடிக்கையாளரின் பக்கம் நின்றது. ஆனால் “ஏமாற்றினார்கள்” என்பதை ஒரு குற்றத்தைச் சாட்டுவதாக எடுத்து, வக்கீலிடமிருந்து அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதம் வரலாம். அதற்குப் பதில் எழுதவும் செலவு. உங்கள் விமர்சனம் இப்படி இருந்தால் போதும்: ஒக்டோபரில் வாங்கினேன், ஜனவரியில் சூடாவது நின்றது, இந்தத் தேதியில் புதியது கேட்டேன், இந்தத் தேதியில் கம்பெனியிடம் போகச் சொன்னார்கள். தேதிகள் உண்மையாக இருக்க வேண்டும், பிறகு புதியது வந்தால் அதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

முதல் கடிதத்தை எழுதிவிட்டு அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள், தம்பி. டொச் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன். கடைக்காரரின் பதில் வந்தால் அதையும் அப்படியே அனுப்புங்கள்.