புது ஸ்டைல் ஏறினால் முதல் மூன்று நாள் கணக்கு: கேள்வி பதில்

அதே டெய்லர், அதே மெஷின், அதே சம்பளம். ஐந்தாம் நாள் பீஸுக்கு ஆகும் கூலி மட்டும் எப்படிப் பாதியாகிறது?

ஒரு போலோ டி-ஷர்ட் லைனை எடுத்துக்கொள்வோம். 25 பேர், ஆளுக்கு 600 ரூபாய், தினம் 15,000. முதல் நாள் 300 பீஸ் வந்தால் பீஸுக்கு 50 ரூபாய். அப்புறம் 400, 500, 550 என்று ஏறி, ஐந்தாம் நாள் 600 வந்தால் 25 ரூபாய்.

ஊசி ஓடும் வேகம் மாறவில்லை. துணியை எடுப்பது, விளிம்பு சேர்ப்பது, நிறுத்திப் பார்ப்பது, பிரித்துத் தைப்பது, இவைதான் குறைந்தன. முதல் நாள் காலரை மூன்று இடத்தில் நிறுத்தித் தைத்தவர் இப்போது ஒரே ஓட்டமாக முடிக்கிறார்.

அப்படியென்றால் குறைந்துகொண்டே போகுமா?

குறையும், ஆனால் மெதுவாக. விமானத் தயாரிப்பில் இதை 1936-ல் ரைட் என்பவர் எழுதினார்: மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைந்தது. 100-லிருந்து 200-க்குப் போனபோது கிடைத்த பலன் மறுபடி கிடைக்க 400 வரை போக வேண்டும். தையலில் அந்தச் சதவீதம் ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும்.

1,200 பீஸ் ஆர்டருக்கு 25 ரூபாய் கூலி வைத்து ரேட் கொடுத்துவிட்டேன். சரிதானே?

இல்லை. மேலே சொன்ன லைனில் அது மூன்றே நாளில் முடிந்துவிடும். 45,000 ரூபாயை 1,200 பீஸுக்குப் பிரித்தால் 37.50. மொத்தம் 15,000 நட்டம். நல்ல நாளை வைத்து ரேட் போடாதீர்கள்.

எங்களுக்கு பீஸ் ரேட். இந்தக் கணக்கே வேண்டாம் அல்லவா?

பாதி சரி. பழகிய பலன் டெய்லர் கைக்குப் போகும், போகவும் வேண்டும். ஆனால் வாடகை, சூப்பர்வைசர், கைமடி சம்பளம் பீஸுக்குக் குறைவது உங்களுக்குத்தான்.

ஓவர்லாக்கில் 12 வருடம் இருக்கிறேன். கை ஓடினால் அடுத்த ஸ்டைலுக்கு ரேட்டைக் குறைக்கிறார்கள். அதனால் யாரும் முழு வேகம் காட்டுவதில்லை. இதை ஏன் எழுதவில்லை?

எழுதியிருக்க வேண்டும் அக்கா. நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் நான்காம் நாளே எண்ணிக்கை நின்றுவிட்டது. மெஷினைப் பார்த்தோம், துணியைப் பார்த்தோம். முந்தின ஸ்டைலில் ரேட்டைக் குறைத்திருந்ததுதான் காரணம். ஸ்டைல் முடியும்வரை ரேட்டைத் தொடமாட்டோம் என்று சொன்ன பிறகுதான் மறுபடி ஏறியது.

பையர் எங்களிடம் குறைக்கிறாரே, அதை யார் தாங்குவது?

அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் டெய்லர் ரேட்டில் கை வைத்தால் எண்ணிக்கையும் போய்விடும், பார்த்திருக்கிறேன்.

1,500 பீஸுக்கு ஐந்தாம் நாள் கூலி போடலாமா?

1,200-க்குச் சொன்னதைப் படியுங்கள். உங்கள் ஆர்டர் நான்காம் நாளே முடிந்துவிடும்.

எந்த ஓவர்லாக் மெஷின் வாங்கலாம்?

மெக்கானிக்கைக் கேளுங்கள்.

தீபாவளி லீவு முடிந்து வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா?

அதே ஆட்கள் வந்தால் ஒரு நாள் தடுமாறிவிட்டு ஏறிவிடுவார்கள். காலர் வைப்பவர் வரவில்லையென்றால், அவர் இடத்துப் புது ஆள் பழகும்வரை மொத்த லைனும் அந்தப் புது ஆள் வேகத்தில்தான் ஓடும்.