அமிக்டலாவில் பதிந்த பயம் அழியுமா?

கேள்வி: ஒலிக்குப் பயப்படப் பழக்கிய எலிக்கு அதே ஒலியை மின்னதிர்ச்சி இல்லாமல் பலமுறை கேட்கவைத்தால் பயம் போய்விடுகிறது. பயத்தைக் கற்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் இருந்த நினைவு அழிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பழைய நினைவின்மேல் அதை அடக்கும் புதிய கற்றல் ஏறுகிறது.

முதல் நாள் ஒரு கூண்டில் 30 விநாடி ஒலி. அது முடியும்போது பாதத்தில் சுமார் 0.5 மில்லிஆம்பியர் அதிர்ச்சி. ஐந்து முறை போதும். இரு செய்திகளும் அமிக்டலாவின் பக்கவாட்டுக் கருவில் சேர்ந்து இணைப்புகளை வலுப்படுத்துகின்றன. பிறகு ஒலி கேட்டாலே எலி உறைந்து நிற்கும். மறுநாள் வாசனையும் தரையும் மாறிய வேறு கூண்டில் ஒலி மட்டும், இருபது முப்பது முறை. உறைதல் குறையும். மூன்றாம் நாள் பழைய கூண்டில் ஒலித்தால் பயம் திரும்பிவிடும். நினைவு அழிந்திருந்தால் திரும்பியிருக்காது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்நெற்றிப் புறணி அமிக்டலாவை அடக்குவது பயம் தணிந்த இடத்தோடு கட்டுண்டது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு: எலி கூண்டுக்கே பயப்படலாம். ஒலிக்கு முந்தைய உறைதலையும் அளக்காத முடிவை நான் ஏற்கமாட்டேன்.

மனிதர்களிடம் இதே சோதனையில் ஒலிக்குப் பதில் இரண்டு வண்ணச் சதுரங்கள். ஒன்றுக்கு மட்டும் மணிக்கட்டில் அதிர்ச்சி. வியர்வையால் மாறும் தோல் மின்கடத்தலை அளப்பார்கள். வெறும் திடுக்கிடலும் அதை உயர்த்தும் என்பதால், இரு சதுரங்களுக்கும் உள்ள வேறுபாடே கணக்கு.